ஒவ்வொரு முறையும் மாறும் வகுப்பு எல்லைகள்: மே மாதப் படத்தையும் நவம்பர் படத்தையும் அருகருகே வைப்பது எப்படி?

கிணற்றுக்கயிறு | சேலம் | ஞாயிறு, காலை 9.40

சேலம் மாவட்டத்தின் 20 ஊராட்சி ஒன்றியங்களிலும் எங்கள் தன்னார்வக் குழுவினர் சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் வாரத்தில் அளவு நாடாவை இறக்கி, தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் நிற்கிறது என்று குறித்து அனுப்புகிறார்கள். ஒன்றியவாரியாகச் சராசரி எடுத்து, ஆழம் கூடக்கூட மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும் ஐந்து நிற வரைபடமாக நான் ஒரு பக்கத்தில் வெளியிடுகிறேன். இதுவரை படம் வரைந்தது இந்த ஒரு வரிதான்:

```python
gdf.plot(column="depth", scheme="Quantiles", k=5, cmap="YlOrRd", legend=True)
```

சென்ற வாரக் கூட்டத்தில் ஒரு பெரியவர் மே மாதப் படத்தையும் நவம்பர் மாதப் படத்தையும் அச்செடுத்து மேசையில் அருகருகே வைத்தார். "மே மாதம் எங்கள் ஒன்றியம் அடர்சிவப்பு, இப்போதும் அடர்சிவப்பு. கிணற்றில் ஐந்தரை மீட்டர் ஏறியிருக்கிறதே, அது இந்தப் படத்தில் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த ஒன்றியத்தின் சராசரி மே மாதம் 12.9 மீட்டர், நவம்பரில் 7.4 மீட்டர், இரண்டு மாதமும் கடைசி வகுப்பில்தான் விழுந்திருக்கிறது. இதைவிட மோசமாக இன்னொன்று கண்ணில் பட்டது. வேறொரு ஒன்றியம் 7.5 மீட்டரிலிருந்து 5.6 மீட்டருக்கு ஏறியிருக்கிறது, ஆனால் அதன் நிறம் வெளிர் ஆரஞ்சிலிருந்து இரண்டு படி கருத்துவிட்டது.

இன்னொரு தொல்லையும் உண்டு. அளவுகள் ஒரே நாளில் வருவதில்லை. நான்காம் தேதி 12 ஒன்றியங்கள் வந்திருக்கும், ஒன்பதாம் தேதிதான் 20-உம் நிறையும். இடையில் பக்கத்தைப் புதுப்பித்தால், புதிதாக எந்த அளவும் வராத ஒன்றியங்களும் நிறம் மாறி நிற்கின்றன. இதை எப்படிச் சரிசெய்வது?

---

ராத்திரி_ரயில் | ஞாயிறு, காலை 10.05

பழைய படம் உலாவியில் தங்கியிருக்கும், நண்பரே. Ctrl+F5 அழுத்திப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால், படக்கோப்பின் பெயரோடு தேதியைச் சேர்த்துவிடுங்கள். எங்கள் அலுவலகப் பக்கத்திலும் இதே தொல்லை இருந்தது, அப்படித்தான் தீர்த்தோம்.

---

கிணற்றுக்கயிறு | ஞாயிறு, காலை 10.20

நன்றி. ஆனால் பழைய படம் தங்கிவிடவில்லை. ஒவ்வொரு முறையும் புதுப் படம்தான் வருகிறது, அதுவே சிக்கல். குறிவிளக்கத்தில் உள்ள எண்களும் படத்தோடு சேர்ந்து மாறிவிடுகின்றன. மே மாதக் குறிவிளக்கத்தின் எல்லைகள் 6.1, 8.0, 9.6, 12.2, நவம்பரில் அவையே 2.9, 4.1, 5.3, 7.0 என்று ஆகிவிட்டன. நிறங்கள் மட்டும் அதே ஐந்துதான்.

---

அளவுகோல் | நாமக்கல் | ஞாயிறு, மதியம் 12.15

நீங்கள் தேர்ந்தெடுத்த முறைதான் தவறு. சம எண்ணிக்கையாகப் பிரிக்கும் முறை 20 ஒன்றியங்களை வகுப்புக்கு நான்காக வைத்துவிடும். பஞ்சமானாலும் வெள்ளமானாலும் நான்கு ஒன்றியங்கள் அடர்சிவப்பில் இருந்தே தீரும். ஜெங்க்ஸ் முறைக்கு மாறுங்கள். எண்கள் இயல்பாகக் கூடும் இடங்களைப் பார்த்து எல்லை போடும் என்பதால் படம் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். `scheme="NaturalBreaks"` என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

---

பழைய_அட்டவணை | சேலம், அஸ்தம்பட்டி | ஞாயிறு, இரவு 8.30

நோயை அளவுகோல் சரியாகச் சொன்னார். மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு மாதத்துக்குள் எண்கள் எப்படிக் கூடியிருக்கின்றன என்று காட்ட ஜெங்க்ஸ் நல்ல முறைதான். ஆனால் அதுவும் அந்த மாதத்தின் எண்களைப் பார்த்தே எல்லை போடுகிறது. மாதம் மாறினால் எல்லையும் மாறும். நான்கு ஒன்றியங்கள் எப்போதும் சிவப்பு என்பது போய், எத்தனை சிவப்பு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலை வரும், அவ்வளவுதான். அந்தப் பெரியவரின் கேள்விக்கு அப்போதும் படத்தில் பதில் இராது. சம இடைவெளி முறையும் இப்படியே. யாராவது 13.2 என்பதற்கு 132 என்று தட்டிவிட்டால் மற்ற 19 ஒன்றியங்களும் முதல் வகுப்பில் ஒடுங்கி, மாவட்டமே வெளிர் மஞ்சளாகிவிடும்.

சம எண்ணிக்கை முறையில் அடர்சிவப்பு என்பதற்கு "இந்த மாதம், இதுவரை அளவு வந்தவற்றுள், தண்ணீர் மிக ஆழத்தில் உள்ள ஐந்தில் ஒரு பங்கு" என்பதே பொருள். அது தரவரிசை. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை ஆழம் என்று படிக்கிறார், ஏனென்றால் குறிவிளக்கத்தில் மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். 12 ஒன்றியங்களின் அளவு மட்டும் வந்திருக்கும்போது அந்த ஐந்தில் ஒரு பங்கும் 12-க்குள்ளேயே எடுக்கப்படுகிறது. மீதி எட்டும் வந்து சேரும்போது, அளவு மாறாத ஒன்றியத்தின் வரிசை மாறுகிறது, அதனால் நிறம் மாறுகிறது. நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்.

எல்லையைப் படம் வரையும் நிரலிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ஒருமுறை முடிவு செய்து, ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு மாதமும் அதிலிருந்தே படியுங்கள். எந்த எண்களை எழுதுவது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஓராண்டின் 20 ஒன்றியங்களையும் சேர்த்தால் 240 அளவுகள் கிடைக்கும். அவற்றை மொத்தமாகக் குவித்து எல்லை கண்டு, முழு எண்ணாக்கிக்கொள்ளலாம். அல்லது, வேலைக்குப் பொருள் தரும் எண்களை நேரடியாக வைக்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை கிணறுகளை அளந்து வெளியிடும் படங்களில் 2, 5, 10, 20, 40 மீட்டர் என்றுதான் எல்லைகள் இருக்கும். எந்த ஆண்டுப் படத்தையும் எந்த ஆண்டுப் படத்தோடும் வைத்துப் பார்க்க முடிவது அதனால்தான்.

---

கிணற்றுக்கயிறு | திங்கள், காலை 7.10

ஐயா, இரவே வாரியத்தின் எல்லைகளை வைத்து வரைந்து பார்த்தேன். மே மாதம் 5 முதல் 10 மீட்டருக்குள் 12 ஒன்றியங்கள், 10-க்கு மேல் 7, 5-க்குக் கீழே ஒன்றே ஒன்று. படம் ஏறத்தாழ இரு நிறமாகிவிட்டது. எங்கள் தன்னார்வலர்கள் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, நாங்கள் ஏன் அளக்கிறோம்?" என்று கேட்பார்கள்.

---

பழைய_அட்டவணை | திங்கள், காலை 8.00

அந்த எல்லைகள் நாடு முழுவதற்கும் வைத்தவை. ராஜஸ்தானும் அதில் அடங்க வேண்டும். உங்கள் 20 ஒன்றியங்களுக்கு 40 மீட்டர் வகுப்பால் பயனில்லை. வாரியத்தின் 2, 5, 10 என்ற கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, உங்கள் அளவுகள் நெருங்கி நிற்கும் இடங்களில் மட்டும் கூடுதலாக வெட்டுங்கள். அப்படிச் செய்தால் தேவைப்படும்போது வகுப்புகளைச் சேர்த்து அவர்கள் படத்தோடும் ஒப்பிட முடியும். 5-க்கும் 10-க்கும் நடுவில் 7 வைக்கலாம் என்பேன். தரைமேல் வைத்த மோட்டார் தண்ணீரை உறிஞ்சித் தூக்கக்கூடிய ஆழம் நடைமுறையில் ஏழு மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் விவசாயிக்குச் செலவு. 10-க்கு மேலே 15-இல் ஒரு வெட்டு, அதற்கு மேல் முடிவில்லாத வகுப்பு ஒன்று.

---

மேட்டுக்காடு | வாழப்பாடி பக்கம் | திங்கள், காலை 9.25

ஏழு மீட்டர்க் கணக்கு புத்தகத்துக்குச் சரி, ஐயா. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கிவிடுவோம். தரையிலிருந்து 12 மீட்டரில் தண்ணீர் இருந்தாலும் மோட்டாருக்கு அது நான்கு மீட்டர்தான். ஆகவே 7 என்பது எங்களுக்கு எந்தக் கோடும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது பாறை நிலம். ஒரே ஒன்றியத்தில் ஓடைக்கரைக் கிணறு 3 மீட்டரிலும் மேட்டுக் கிணறு 14 மீட்டரிலும் இருக்கும். இரண்டையும் கூட்டி எட்டரை என்று ஒன்றியம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசினால், அந்த நிறத்தில் யாருடைய கிணறு இருக்கிறது?

---

பழைய_அட்டவணை | திங்கள், மதியம் 1.40

மோட்டார் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கிணற்றுக்குள் இறக்கும் வழக்கத்தை நான் மறந்துவிட்டேன். அப்படியானால் 7 என்பது 5-க்கும் 10-க்கும் இடையே வசதிக்காகப் போட்ட வெட்டு மட்டுமே, அதற்குத் தனிப் பொருள் சொல்லாமல் விடுவதே நேர்மை. சராசரி பற்றிய கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. கிணறுகளைப் புள்ளிகளாகவே காட்டி அதே நிறங்களை அவற்றுக்குக் கொடுப்பதுதான் சரி. ஒன்றிய நிறம் கூட்டத்தில் பேசுவதற்கான சுருக்கம்தான். எந்த மாதம் எந்தக் கிணறு விடுபட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மேட்டுக் கிணற்றின் அளவு ஒரு மாதம் வரவில்லை என்றால் எட்டரை மூன்றாகிவிடும், எல்லை நிலையாக இருந்தும் நிறம் பொய் சொல்லும்.

---

கிணற்றுக்கயிறு | திங்கள், இரவு 10.50

2, 5, 7, 10, 15 என்று எல்லைகளை எழுதி, `scheme="UserDefined"` கொடுத்து வரைந்தேன். குறிவிளக்கத்தின் எண்கள் நிலைத்துவிட்டன, ஆனால் நிறங்கள் நிலைக்கவில்லை! 5 முதல் 7 மீட்டர் வகுப்பு மே மாதப் படத்தில் ஒரு ஆரஞ்சாகவும் நவம்பர் படத்தில் அதைவிட அடர்ந்த ஆரஞ்சாகவும் இருக்கிறது. இரண்டையும் திரையில் ஒட்டி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கே தவறினேன்?

---

அளவுகோல் | திங்கள், இரவு 11.20

இதில் நானும் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன், ஆகவே இந்தமுறை உறுதியாகவே சொல்கிறேன். `mapclassify` நீங்கள் கொடுத்த கடைசி எல்லையைவிடப் பெரிய எண் ஒன்றைக் கண்டால், அந்த மாதத்தின் பேரெண்ணைத் தானாக இன்னொரு எல்லையாகச் சேர்த்துக்கொள்ளும். மே மாதம் உங்கள் பேரெண் 15-க்கு மேல் இருந்திருக்கும், அதனால் ஆறு வகுப்பு; நவம்பரில் ஐந்து. வண்ணவரிசை வகுப்பு எண்ணிக்கைக்கு ஏற்ப நீட்டிப் பங்கிடப்படுவதால் நடுவிலுள்ள நிறங்கள் எல்லாமே நகர்ந்துவிடுகின்றன.

---

பழைய_அட்டவணை | செவ்வாய், காலை 6.45

அளவுகோல் சொன்னதேதான். வகுப்பைப் பிரிப்பதையும் நிறம் கொடுப்பதையும் ஒரே இடத்தில் நிலைநிறுத்தினால் இது நேராது. ஆறு நிறங்களையும் நீங்களே பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்:

```python
from matplotlib.colors import BoundaryNorm, ListedColormap

bounds = [0, 2, 5, 7, 10, 15]
cmap = ListedColormap(["#ffffb2", "#fed976", "#feb24c",
                       "#fd8d3c", "#f03b20", "#bd0026"])
norm = BoundaryNorm(bounds, ncolors=6, extend="max")
gdf.plot(column="depth", cmap=cmap, norm=norm, legend=True)
```

இங்கே `extend="max"` என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. 15-க்கு மேற்பட்ட ஒன்றியமும் 10 முதல் 15 வரையிலான ஒன்றியமும் ஒரே நிறத்தில் அமைதியாக நின்றுவிடும். மே மாதப் படத்தில் ஐந்தாவது நிறம் ஓர் இடத்திலாவது தெரிகிறதா என்று பாருங்கள், அதுவே சோதனை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. `mapclassify` எல்லையில் சரியாக நிற்கும் எண்ணைக் கீழ் வகுப்பில் வைக்கும். `BoundaryNorm` மேல் வகுப்பில் வைக்கும். உங்கள் அளவுகள் ஒரு தசம இடத்தோடு வருவதால் 7.0 என்பது அரிதல்ல. பழைய மாதங்களின் எண்ணிக்கையைப் புதிய நிரலின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது ஒன்றிரண்டு ஒன்றியம் இடம் மாறினால் பதறாதீர்கள். ஏதேனும் ஒரு விதியைத் தேர்ந்து, குறிவிளக்கத்தில் "7 முதல் 10-க்குள்" என்று சொல்லால் எழுதிவிடுங்கள்.

---

மிளகுக்கொடி | ஏற்காடு | செவ்வாய், காலை 11.30

இழையின் நடுவே என் சொந்தக் கதையைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். எங்கள் காபித் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் மழைமானி வைத்திருக்கிறோம். மாத மழையைத் தோட்டவாரியாகப் படமாக்குகிறேன். நீங்கள் சொல்வதுபோல ஆண்டு முழுவதற்கும் ஒரே எல்லை வைத்துப் பார்த்துவிட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை படம் முழுக்க வெள்ளை, அக்டோபரில் முழுக்கக் கருநீலம். ஆனால் காபிப் பூ விரிவதற்கு மார்ச், ஏப்ரலில் விழும் அந்த ஒரு மழைதான் எங்களுக்கு உயிர். எந்தத் தோட்டத்துக்கு 15 மில்லிமீட்டர் கிடைத்தது, எதற்கு 35 கிடைத்தது என்று தெரியவேண்டிய மாதத்தில் படம் வாய் திறப்பதில்லை. நிலையான எல்லை எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

---

பழைய_அட்டவணை | செவ்வாய், மாலை 4.10

அம்மா, உங்கள் கேள்வி இழைக்கு உள்ளேதான் இருக்கிறது. கிணறு பன்னிரண்டு மாதமும் ஒரே கிணறு. மே மாதத்தை நவம்பரோடு ஒப்பிடுவதற்குப் பொருள் உண்டு. மார்ச் மழையை அக்டோபர் மழையோடு ஒப்பிட்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மார்ச்சை முந்தைய மார்ச்சுகளோடு ஒப்பிடவேண்டும். ஆகவே மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு எல்லைத் தொகுதிகளை நிலையாக வைத்துக்கொள்ளலாம். அவை வேறுவேறு என்பது பார்த்தவுடன் தெரிய, பூ மழை மாதங்களுக்கு நிறக்குடும்பத்தையே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு வழி, வானிலை ஆய்வுத் துறை செய்வதுபோல, வழக்கமான மழையிலிருந்து எத்தனை விழுக்காடு விலகல் என்று காட்டுவது. அவர்கள் எல்லைகள் எல்லா மாதத்துக்கும் ஒன்றே: 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் இயல்பு, 20 முதல் 59 வரை கூடினால் மிகை, 60-உம் அதற்கு மேலும் பெருமிகை, குறைவுக்கும் அவ்வாறே.

---

மிளகுக்கொடி | செவ்வாய், மாலை 6.00

விலகல் படத்தையும் முயன்றேன், ஐயா. பிப்ரவரியில் வழக்கமான மழையே சொற்பம். ஒரு மாலைத் தூறல் விழுந்தால் எல்லாத் தோட்டமும் பெருமிகை என்று நீலமாகிவிடுகிறது, மண்ணோ நனைந்தே இருக்காது. மாதவாரி எல்லையை முயன்று பார்க்கிறேன். ஆனால் எங்களிடம் ஆறு ஆண்டுப் பதிவுதான் இருக்கிறது. ஆறு மார்ச்சுகளை வைத்து எல்லை போட்டால் அது எத்தனை நாளுக்கு நிற்கும் என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

---

கிணற்றுக்கயிறு | புதன், இரவு 9.15

புதிய நிரலில் இரண்டு மாதங்களையும் வரைந்துவிட்டேன். படத்தில் ஓர் ஒன்றியம்கூட இல்லாத வகுப்பையும் நீக்காமல் குறிவிளக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஒன்றியங்கள் என்று எழுதியிருக்கிறேன். மே: 2-க்குள் 0, 2 முதல் 5 வரை 1, 5 முதல் 7 வரை 5, 7 முதல் 10 வரை 7, 10 முதல் 15 வரை 6, அதற்கு மேல் 1. நவம்பர்: அதே வரிசையில் 1, 10, 4, 5, 0, 0. எல்லை விதியைப் பற்றி ஐயா சொன்னது வீண்போகவில்லை. முதலில் எனக்கு நவம்பருக்கு 5 முதல் 7 வரை 5, அடுத்ததில் 4 என்று வந்திருந்தது, ஓர் ஒன்றியம் சரியாக 7.0-இல் நிற்கிறது. அளவு வராத ஒன்றியங்களுக்கு நிறம் கொடுக்காமல் சாய்கோடு போட்டேன். இப்போது நான்காம் தேதி வெளியிட்ட நிறம் ஒன்பதாம் தேதியும் அப்படியே இருக்கிறது.

பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் ஒன்றியம் 10 முதல் 15 என்பதிலிருந்து 7 முதல் 10 என்பதற்கு வந்து, ஒரு படி வெளுத்திருக்கிறது. பார்த்துவிட்டு, பக்கத்தில் 7.5-இலிருந்து 5.6-க்கு வந்த ஒன்றியத்தைக் காட்டி, "அவர்களுக்கு இரண்டு மீட்டர்கூட ஏறவில்லை, எங்களுக்கு ஐந்தரை. இருவருக்கும் ஒரு படிதானா?" என்றார்.

---

அளவுகோல் | புதன், இரவு 9.50

அவர் கேட்டதும் நியாயம்தான். வகுப்பு என்று பிரித்தாலே அது நேரும். வேறுபாட்டுப் படம் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள்: நவம்பர் கழித்தல் மே, நடுவில் பூச்சியம், தண்ணீர் ஏறினால் நீலம், இறங்கினால் பழுப்பு. அதற்கும் எல்லையை எழுதி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதே கதைதான்.

---

மேட்டுக்காடு | புதன், இரவு 10.30

மேயிலிருந்து நவம்பரில் ஏறத்தான் செய்யும், அது மழையின் வேலை. போன நவம்பரைவிட இந்த நவம்பர் எப்படி என்பதே எங்களுக்கு வேண்டும்.

---

பழைய_அட்டவணை | வியாழன், காலை 7.00

இருவர் சொல்வதும் வேண்டியதே. முதற்பக்கத்தில் எதை வைப்பது என்று குழுவே முடிவு செய்யட்டும். ஒன்றை மட்டும் இப்போதே எழுதிவையுங்கள். கடுமையான வறட்சி ஆண்டில் பாதி ஒன்றியங்கள் 15-க்கு மேல் போனால் கடைசி வகுப்பு பிதுங்கும், 20-இல் இன்னொரு வெட்டு தேவைப்படும். ஆண்டின் நடுவில் அதைச் செய்யாதீர்கள். ஜனவரியில் மாற்றி, எல்லைக் கோப்புக்குப் புதிய எண் கொடுத்து, பழைய மாதங்கள் அனைத்தையும் புதிய எல்லையில் திரும்ப வரைந்து வெளியிடுங்கள். அந்த எண் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இருக்கட்டும். அச்செடுத்து வைத்திருப்பவரின் தாளில் உள்ள பழைய நிறத்தை நாம் மாற்ற முடியாது, ஆனால் இரண்டு தாளும் ஒரே அளவுகோலில் வரைந்தவையா என்று அவரே பார்த்துக்கொள்ள முடியும்.

---

கிணற்றுக்கயிறு | வியாழன், காலை 7.40

மூலையில் "எல்லை 1" என்று போட்டுவிட்டேன். பழைய 11 மாதங்களையும் இன்று இரவு திரும்ப வரைகிறேன். மேட்டுக்காடு அண்ணா, உங்கள் பக்கத்து மேட்டுக் கிணற்றின் அளவு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்து சேரவில்லை, அந்த இரண்டு மாதமும் ஒன்றியத்தின் சராசரி மூன்று மீட்டராக நிற்கிறது. அதை அப்படியே வரைவதா, சாய்கோடு போடுவதா என்று சொல்லுங்கள்.